பலகையில் ஒட்டுவதற்கு முன்: குடியிருப்போர் சங்க அறிவிப்பில் பிழை பார்ப்பது எப்படி?

எங்கள் சங்கத்தில் அறிவிப்பு எழுதுபவர் ஒருவர், பிழை பார்ப்பவர் நான். எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. தான் எழுத நினைத்ததைத்தான் அவர் படிப்பார். அதனால் முதல் வேலை, வரைவை வேறொருவர் கையில் கொடுப்பதுதான். இந்த வரைவைப் பார்ப்போம்:

"அனைத்து குடியிருப்பாளர்களுக்கும் அறிவிப்பு. வரும் ஞாயிற்றுகிழமை காலை 9 மணி முதல் மேல்நிலை தொட்டி சுத்தம் செய்ய இருப்பதால் மதியம் 1 மணி வரை தண்ணீர் வராது. தேவையான தண்ணீரை பிடித்து வைத்து கொள்ளவும். வாகனங்களை தொட்டி அருகே நிறுத்த கூடாது. பழுதுபார்க்கும் பணிகளும் அன்றே நடைபெறுகிறது. சென்ற வாரம் நடந்தக் கூட்டத்தில் முடிவு செய்தபடி தொட்டியின் சாவி காவலாளி அரையில் இருக்கும். ஒவ்வொரு குடியிருப்பாளர்களும் இந்த முயற்ச்சிக்கு ஒத்துழைக்கவும்."

படி 1: வாக்கியம் நிற்கிறதா?

எழுத்துப் பிழைக்கு முன் பொருளைப் பாருங்கள். "தொட்டி சுத்தம் செய்ய இருப்பதால்" என்றால் தொட்டியே எதையோ சுத்தம் செய்யப் போகிறது போல இருக்கிறது. "தொட்டியைச் சுத்தம் செய்ய" என்று ஓர் ஐ சேர்த்தால் சரியாகிவிடும். 9 மணி ஓரிடத்திலும் 1 மணி வேறிடத்திலும் இருப்பதையும் சேர்த்து எழுதுங்கள். நடந்துகொண்டே படிப்பவருக்கு நேரம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

படி 2: ஒற்று

அதிகப் பிழை வருவது இங்கேதான். கணினியின் பிழைதிருத்தி பெரும்பாலும் இதைக் காட்டாது. "தண்ணீரை" தனியாகச் சரி, "பிடித்து" தனியாகச் சரி. பிழை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பென்சிலை எடுத்து, க, ச, த, ப வரிசை எழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் உள்ள சொல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஐ என்று முடிந்து 'எதை?' என்ற கேள்விக்கு விடையானால் ஒற்று வரும்: தண்ணீரைப் பிடித்து, வாகனங்களைத் தொட்டி அருகே. 'க்கு' என்று முடிந்தாலும் வரும்: கூட்டத்துக்குத் தவறாமல். நிறுத்த, செய்ய போன்ற சொல்லை அடுத்து வினை வந்தாலும் வரும்: நிறுத்தக் கூடாது.

து, று, டு, கு என்று முடியும் சொல்லில் அதற்கு முந்தைய எழுத்தைக் கவனியுங்கள். அது த், ற், ட், க் போன்ற வல்லின மெய்யானால் ஒற்று உண்டு: அனைத்துக் குடியிருப்பாளர்கள், வைத்துக் கொள்ளவும், ஞாயிற்றுக்கிழமை. 'செய்து கொள்ளவும்', 'வந்து போகவும்' இரண்டிலும் முந்தைய எழுத்து ய், ந் என்பதால் ஒற்று இல்லை. 'மேல்நிலைத் தொட்டி' இந்த வகைகளில் அடங்காது. இரண்டு பெயர்கள் சேர்ந்த தொடர் அது. 'மேல்நிலைப் பள்ளி' போல நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

விதி தெரிந்தவுடன் எல்லா இடத்திலும் ஒற்றுப் போடும் ஆசை வரும். எனக்கும் வந்தது. "நடந்தக் கூட்டம்" அந்த ஆசையில் பிறந்த பிழை. நடந்த, வந்த, செய்த போன்ற சொல்லை அடுத்துப் பெயர் வந்தால் ஒற்று வராது: நடந்த கூட்டம். 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை; 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தில் செய்தது.

படி 3: ஒருமை, பன்மை

"பணிகளும் நடைபெறுகிறது" தவறு. நிகழ்காலத்தில் "நடைபெறுகின்றன" என்று வர வேண்டும். ஆனால் இது இனி நடக்கப்போவது என்பதால் "நடைபெறும்" போதும்; அது ஒருமைக்கும் பன்மைக்கும் பொருந்தும். 'ஒவ்வொரு' என்ற சொல்லுக்குப் பின் ஒருமைதான்: ஒவ்வொரு குடியிருப்பாளரும்.

படி 4: எழுத்து

ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய் வராது. ஆகவே முயற்சி, பயிற்சி, பொருட்கள். "முயற்ச்சி", "பொருட்க்கள்" எல்லாம் உடனே கண்ணில் பட வேண்டும். ர, ற குழப்பம் இதைவிடக் கடினம். அரை, அறை இரண்டும் உண்மையான சொற்கள் என்பதால் பிழைதிருத்தி சும்மா இருந்துவிடும். சாவி இருப்பது காவலாளி அறையில்.

எல்லாம் திருத்திய பின்:

"அனைத்துக் குடியிருப்பாளர்களுக்கும் அறிவிப்பு. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்ய இருப்பதால் தண்ணீர் வராது. தேவையான தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொள்ளவும். வாகனங்களைத் தொட்டி அருகே நிறுத்தக் கூடாது. பழுதுபார்க்கும் பணிகளும் அன்றே நடைபெறும். சென்ற வாரம் நடந்த கூட்டத்தில் முடிவு செய்தபடி தொட்டியின் சாவி காவலாளி அறையில் இருக்கும். ஒவ்வொரு குடியிருப்பாளரும் இந்த முயற்சிக்கு ஒத்துழைக்கவும்."

அச்செடுத்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தேதியையும் போட்டுவிடுங்கள், "வரும் ஞாயிறு" என்று மட்டும் இருந்தால், கிழிக்க மறந்த தாள் அடுத்த வாரமும் தண்ணீர் வராது என்றே சொல்லிக் கொண்டிருக்கும்.