ஃபிளாட் வட்டியின் நிஜ விலை

தொழில் கடனுக்கு ஒருவர் "ஃபிளாட் 12%", இன்னொருவர் "குறையும் நிலுவையில் 18%" என்றால், எக்செல்லில் இதைப் போடுங்கள்:

```
=RATE(36,-18889,500000)*12
```

இது 5 லட்சம், 3 வருட ஃபிளாட் கடனுக்கான கணக்கு. வட்டி 1,80,000 சேர்த்து 36-ஆல் வகுத்தால் மாதத் தவணை 18,889. விடை 0.212, அதாவது 21.2%. 18% கடன்தான் மலிவு!

மாதாமாதம் அசல் குறைந்தாலும், ஃபிளாட்டில் கடைசி மாதம் வரை முழு 5 லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். செயலாக்கக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு கொடுத்தால், 500000-க்குப் பதில் கைக்கு வந்த தொகையைப் போடுங்கள். அப்புறம்தான் நிஜம் தெரியும்.

சமமான மாதத் தவணைக்கு மட்டுமே இது சரி. மாதம் வட்டி மட்டும் கட்டி, அசலைக் கடைசியில் மொத்தமாக அடைக்கும் கடனில் அசல் குறைவதே இல்லை. அங்கே 12% என்றால் 12%தான். ஓவர்டிராஃப்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.