ஸ்லைடா, பலகையா, செயல்விளக்கமா, அச்சுத்தாளா: எப்போது எதை எடுப்பது?

ஒரு வகுப்போ கூட்டமோ நடத்த வேண்டும் என்றதும் பலரும் முதலில் கணினியைத் திறந்து ஸ்லைடு தயாரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதை அதன் பிறகுதான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். எப்படி மாற்றுவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொள்கிறேன். முதலுதவிப் பயிற்சியாளர் ஒருவர் 24 பேருக்கு ஒரு மணி நேரத்தில் சி.பி.ஆர். கற்றுத்தர வேண்டும். மூச்சும் இதயத்துடிப்பும் நின்றுபோனவரின் மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கும் முதலுதவி அது. அவர் கையில் 18 ஸ்லைடுகள் கொண்ட தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் எது மிஞ்ச வேண்டும்?

படி 1: ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு கேள்வி கேளுங்கள்

"இந்த விஷயம் யாருடைய வேகத்தில் நகர வேண்டும்?" இதுதான் அந்தக் கேள்வி.

ஸ்லைடு பேசுபவரின் வேகத்தில் நகர்கிறது. அவர் பொத்தானை அழுத்தியதும் முழுப் பக்கமும் ஒரே நொடியில் வருகிறது, அடுத்த அழுத்தலில் காணாமல் போகிறது. பலகையில் விஷயம் எழுதும் கையின் வேகத்தில் வளர்கிறது. கேட்பவரின் சிந்தனை கூடவே வர அந்த வேகம் இடம் கொடுக்கிறது. செயல்விளக்கம் அந்தச் செயலின் சொந்த வேகத்தில் நடக்கிறது. அச்சிட்ட தாளோ படிப்பவரின் வேகத்தில் நகர்வது. அவர் நிற்கலாம், திரும்பப் போகலாம், நாளைக்கும் எடுத்துப் பார்க்கலாம்.

ஆகவே 18 ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஓரத்தில் "பேசுபவர்", "கை", "செயல்", "படிப்பவர்" என்ற நான்கில் ஒன்றை எழுதுங்கள். இரண்டு பொருந்துவதுபோல் தோன்றினால் அந்த ஸ்லைடில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். பிரித்துவிடுங்கள்.

படி 2: "கை" என்று எழுதியவற்றைப் பலகைக்குக் கொண்டுபோங்கள்

நம் பயிற்சியாளரின் தொகுப்பில் ஒரு வரைபடம் இருக்கிறது. மார்பை அழுத்தத் தொடங்கியதும் இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் உடனே உச்சத்துக்குப் போய்விடுவதில்லை. ஒவ்வோர் அழுத்தலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அழுத்துவதை நிறுத்தியதும் சரசரவென்று இறங்கிவிடுகிறது. மறுபடி தொடங்கினால் மறுபடியும் கீழிருந்துதான் ஏற வேண்டும். இடைவெளி விடாமல் அழுத்துங்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஸ்லைடில் இந்தக் கோடு முழுதாக, முடிந்த நிலையில் வந்து நிற்கும். பார்ப்பவர் "சரி, ஏதோ ஒரு கோடு" என்று கடந்துவிடுவார். பலகையில் செய்து பாருங்கள். மார்க்கரை எடுத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணியபடியே ரம்பப் பல் போன்ற கோட்டை மேல்நோக்கி வரைந்துகொண்டு போங்கள். பத்தில் நிறுத்துங்கள். திரும்பி, "இப்போது கை வலிக்கிறது, அழுத்துவதை நிறுத்துகிறேன். கோடு எங்கே போகும்?" என்று கேளுங்கள். யாராவது "கீழே" என்பார். அதை வரையுங்கள். "மறுபடி தொடங்கினால்?" என்று கேளுங்கள். விட்ட இடத்திலிருந்தே ஏறும் என்று சிலர் நினைப்பார்கள். கீழிருந்து ஏறும் கோட்டை அவர்கள் கண்ணெதிரே வரையும்போதுதான் விஷயம் உறைக்கிறது. அந்த வரைபடத்தின் மதிப்பெல்லாம் அது உருவாகும் விதத்தில் இருக்கிறது. ஸ்லைடு அதைத்தான் பறித்துவிடுகிறது.

பலகைக்கு எல்லைகள் உண்டு. எழுத்தின் உயரத்துக்கு எளிய கணக்கு: ஒவ்வொரு 3 மீட்டர் தூரத்துக்கும் 2.5 செ.மீ. கடைசி வரிசை 9 மீட்டர் தள்ளி இருந்தால் எழுத்து 7.5 செ.மீ. இருக்க வேண்டும். வரி இடைவெளியையும் சேர்த்தால் 1.2 மீட்டர் உயரமுள்ள பலகையில் சுமார் எட்டு வரிகள்தான் கொள்ளும். அதற்கு மேல் வேண்டும் என்றால் அது பலகைக்கான விஷயமல்ல. கறுப்பும் நீலமும் தூரத்துக்குத் தெரியும், மஞ்சளும் ஆரஞ்சும் தெரியாது. வகுப்புக்கு முன்பே ஒரு வரி எழுதிவிட்டு, கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். மார்க்கர் வறண்டுவிட்டதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அழியாத மார்க்கரால் யாராவது எழுதி வைத்திருந்தால், அதன் மேலேயே பலகை மார்க்கரால் அழுத்தி எழுதி உடனே துடையுங்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

படி 3: "செயல்" என்று எழுதியவற்றைச் செய்தே காட்டுங்கள்

"மார்பின் நடுவில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவும்." பெரியவர்களுக்கான இந்த வரி ஸ்லைடில் பிழையில்லாமல் இருக்கிறது. ஆனால் 5 செ.மீ. அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்று அதைப் படித்த ஒருவருக்கும் தெரியாது. முழங்கையை மடக்காமல் தோளின் பாரத்தை இறக்கும்போதுதான் அது தெரியும். உடம்பால் அறிய வேண்டியதை எழுத்தால் சொல்ல முயலும் இடம் எதுவானாலும் செயல்விளக்கத்துக்கு உரியது.

மருத்துவக் கல்வியில் பெய்ட்டன் முறை என்று ஒன்று உண்டு. நான்கு கட்டங்கள். முதலில், ஆசிரியர் ஒரு வார்த்தையும் பேசாமல் உண்மையான வேகத்தில் செய்கிறார். இரண்டாவதாக, மெதுவாக, விளக்கியபடி செய்கிறார். மூன்றாவதில் மாணவர் அடுத்தது என்ன என்று சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்கிறார். நான்காவதில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்கிறார். புதிதாகக் கற்றுத்தருபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தை மட்டும் செய்துவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில் மூன்றாவது கட்டம்தான் விலைமதிப்பற்றது. அழுத்திய பின் மார்பு முழுதாக மேலெழும்ப விட வேண்டும் என்பதை மாணவர் சொல்ல மறந்தால், ஆசிரியரும் அதைச் செய்யாமல் நிறுத்திக் காத்திருக்கலாம். தவறு எங்கே என்று வகுப்பே கண்டுபிடித்துவிடும்.

நல்ல செயல்விளக்கத்துக்கு வரலாற்றில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. அதை விசாரித்த குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், பிப்ரவரி 11 அன்று நடந்த பகிரங்க விசாரணையில், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தின் துண்டு ஒன்றைச் சிறு கவ்வியில் இறுக்கிப் பனிக்கட்டி நீரில் போட்டார். வெளியே எடுத்துக் கவ்வியைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. குளிரில் அது விறைத்துவிடுகிறது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியது. காட்டியது ஒரே ஒரு விஷயம். கூட்டத்துக்கு முன்பே அதை அவர் தனியாகச் செய்தும் பார்த்திருந்தார். இந்த இரண்டும் உங்கள் செயல்விளக்கத்துக்கும் வேண்டும்.

செயல்விளக்கம் தோற்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாததால்தான். பயிற்சிப் பொம்மை தரையில் கிடந்தால் மூன்றாவது வரிசைக்குப் பயிற்சியாளரின் முதுகு மட்டுமே தெரியும். 24 பேரை ஆறு ஆறு பேராகப் பிரித்து நான்கு பொம்மைகள் வைப்பது நல்லது. ஆளுக்கு 2 நிமிடம் அழுத்தினால் ஒரு சுற்று 12 நிமிடம். இரண்டு சுற்றுக்கு 24 நிமிடம் ஒதுக்கலாம். அந்த நேரம் எங்கிருந்து வரும் என்றால், நீங்கள் நீக்கிய ஸ்லைடுகளிலிருந்துதான். ஒரே பொம்மைதான் இருக்கிறது என்றால் முதல் இரண்டு கட்டங்களுக்குக் கேமராவை மேலிருந்து பொருத்தித் திரையில் காட்டுங்கள்.

படி 4: "படிப்பவர்" என்று எழுதியவற்றை அச்சிடுங்கள்

எண்கள், வரிசைமுறை, விதிவிலக்குகள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அட்டவணை எல்லாம் இங்கே வரும். இவற்றை ஸ்லைடில் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2003-இல் நடந்த கொலம்பியா விண்கல விபத்து கசப்பான சாட்சி. ஏவும்போது பெயர்ந்த நுரைத்துண்டு இறக்கையில் மோதியதைப் பற்றிப் பொறியாளர்கள் ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அவர்கள் ஆதாரமாகக் காட்டிய சோதனைகளில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம். கணக்கில் எடுத்த உண்மையான துண்டோ 1,920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு. முடிவையே புரட்டிப்போடும் இந்தத் தகவல் ஸ்லைடின் அடியில், உள்தள்ளிய சிறு வரியாகக் கிடந்தது. மேலே தலைப்பு நம்பிக்கையூட்டும் தொனியில் இருந்தது. தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளை நம்பும் வழக்கத்தை விசாரணைக் குழு தன் அறிக்கையில் வெளிப்படையாகக் கண்டித்தது. முழு வாக்கியங்களில் எழுதிய ஒரு தாளில் "ஆனால்" என்று தொடங்கி அந்த ஒப்பீட்டைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

நம் வகுப்புக்கு ஏ4 தாளில் ஒரே பக்கம் போதும். ஆபத்தில்லாத இடமா என்று பார்ப்பது, தட்டி அழைப்பது, உதவிக்கு அழைப்பது, மூச்சைக் கவனிப்பது, 30 அழுத்தல், 2 மூச்சு என்று வரிசையாக இருக்கட்டும். அவசர உதவி எண்ணுக்கும், இதயத்துடிப்பைச் சீராக்க மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி கட்டடத்தில் இருக்கும் இடத்துக்கும் கோடு மட்டும் போட்டு வெறுமையாக விடுங்கள். அவர்களே எழுதட்டும். தெரியாதவர் பக்கத்தில் கேட்பார், வகுப்பு முடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

தாளை எப்போது கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தொடக்கத்திலேயே கொடுத்தால் நீங்கள் பேசும்போது குனிந்து படித்துக்கொண்டிருப்பார்கள். பயிற்சி முடிந்த பின் கொடுங்கள். கொடுத்த பிறகு ஓரிரு நிமிடம் பேசாமல் இருங்கள்.

படி 5: மிச்சம் இருப்பதுதான் ஸ்லைடு

இதயம் நின்றவர் சில சமயம் விட்டு விட்டுத் திணறி மூச்சிழுப்பார். பார்ப்பவர் "மூச்சு இருக்கிறதே" என்று ஏமாந்து சி.பி.ஆர். தொடங்காமல் விடும் அபாயம் இருக்கிறது. இதை வரைய முடியாது, நடித்துக் காட்டினால் சரியாக வராது, அச்சிடவும் முடியாது. காணொளியாகத் திரையில் காட்டுவதுதான் வழி. ஏ.இ.டி. பட்டைகளை ஒட்ட வேண்டிய இடங்களைக் காட்டும் புகைப்படமும் அப்படித்தான். வலது காறை எலும்புக்குக் கீழே ஒன்று, இடது அக்குளுக்குக் கீழே விலாப்புறத்தில் ஒன்று. எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே பெரிய படத்தைப் பார்க்க வேண்டிய இடம் இது. 18-இல் மிஞ்சியவை இந்த இரண்டுதான். அவை ஓடி முடிந்ததும் திரையைக் கறுப்பாக்குங்கள். பெரும்பாலான ஸ்லைடு மென்பொருள்களில் `B` விசையை அழுத்தினால் போதும்.

படி 6: தேர்வு தப்பியதா என்று வகுப்பிலேயே கவனியுங்கள்

திரையை யாராவது கைப்பேசியில் படம் எடுத்தால், அது தாளில் இருந்திருக்க வேண்டிய விஷயம். "முந்தின பக்கத்துக்குப் போக முடியுமா?" என்று கேட்டால், ஒன்றன்மேல் ஒன்றாக வளர வேண்டிய விளக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிட்டீர்கள், அதைப் பலகைக்கு மாற்றுங்கள். எல்லாரும் தலையசைத்துவிட்டு, பொம்மையின் முன் மண்டியிட்டதும் கையை எங்கே வைப்பது என்று தடுமாறினால் செயல்விளக்கம் போதவில்லை. பலகையில் நீங்கள் எழுதுவதை வரிக்கு வரி நகலெடுத்துக்கொண்டு யாரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை என்றால், எழுதியது தாளில் கொடுத்திருக்க வேண்டியது. வகுப்பு முடிந்த கையோடு இவற்றைக் குறித்துவைத்து, அடுத்த முறைக்கு அந்தந்த ஸ்லைடின் ஓரத்தில் எழுதிய சொல்லை மாற்றிவிடுங்கள்.