தாள் சாய்ந்தால் போதுமா? சின்ன வெங்காயம் பிடுங்கும் நாளைப் போட்டோ எடுத்துக் கணிப்பது எப்படி

வெங்காயம், பூண்டு என்று தாளைப் பார்த்துப் பிடுங்கும் பயிர்களில், காவிரி டெல்டாவில் பூண்டு போடுவதில்லை. அது கொடைக்கானல், ஊட்டி மலைப் பயிர். இங்கே சம்பா அறுத்த பிறகு கொள்ளிடக்கரைப் படுகை மண்ணிலும், மேட்டுப்பாங்கான கொல்லைகளிலும் போடுவது சின்ன வெங்காயம்தான். அதனால் இந்த விளக்கம் விதைக்காய் ஊன்றிய சின்ன வெங்காயத்துக்கு மட்டும். விதைக்காய் ஊன்றினால் 65 முதல் 70 நாளில் பிடுங்கலாம் என்பது பொதுக்கணக்கு. ஆனால் மண், தண்ணீர், யூரியா போட்ட நேரம் இவற்றைப் பொறுத்து ஐந்தாறு நாள் முன்பின் ஆகும். அந்த ஐந்தாறு நாளைச் சரியாகப் பிடிக்கத்தான் போட்டோ.

முதலில் செடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். வெங்காயத்தின் கழுத்து தண்டு இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய தாள்களின் அடிப்பாகம்தான் கழுத்தாக நிற்கிறது. செடி வளரும்வரை உள்ளிருந்து புதுத்தாள் வந்துகொண்டே இருக்கும், கழுத்தும் விறைப்பாக நிற்கும். காய் முற்றத் தொடங்கியதும் உள்ளே புதுத்தாள் வருவது நின்றுவிடும். கழுத்தின் நடுவில் தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் போவதால், அது மெலிந்து தன் பாரத்துக்கே மடங்கும். தாள் சாய்வு என்பது இதுதான். ஆகவே நாம் தேடுவது கழுத்தில் மடங்கிய செடியை. காற்றடித்துப் படுத்த செடி வேறு, இது வேறு.

படி 1: இடம் குறித்தல்

45 சென்டிமீட்டர் பார், பாரின் இரண்டு பக்கமும் 10 சென்டிமீட்டருக்கு ஒரு காய் என்று ஊன்றியிருந்தால், இரண்டு பாரில் ஒரு மீட்டர் நீளத்துக்குள் 40 குத்து இருக்கும். எண்ணுவதற்கு இது தோதான அளவு. நான்கு மூலையில் மூங்கில் குச்சி நட்டு சணல் கட்டிவிடுங்கள். ஒரு ஏக்கருக்கு இப்படி ஐந்து கட்டம் போதும். வரப்பை ஒட்டி வேண்டாம், அங்கே செடி சீக்கிரம் காயும். வாய்க்கால் தலைமாட்டில் ஒன்று, கடைமடைப் பக்கம் ஒன்று, நடுவில் மூன்று. தலைமாட்டில் ஈரம் அதிகம் நிற்பதால் அங்கே எப்போதும் இரண்டு மூன்று நாள் பிந்தித்தான் முற்றும்.

கட்டம் கட்டிய அன்றே உயிரோடு இருக்கும் குத்துகளை எண்ணி எழுதிவையுங்கள். இடையில் செத்துப்போன குத்தைக் கணக்கில் சேர்த்தால் சதவீதம் தப்பாகிவிடும். பூத்தண்டு விட்ட குத்தையும் கழித்துவிடுங்கள். பூத்தண்டு விறைத்து நிற்கும், அந்தக் கழுத்து சாயாது.

படி 2: ஒரு கட்டத்துக்கு மூன்று போட்டோ

ஊன்றி 55-ஆம் நாளில் தொடங்கி மூன்று நாளைக்கு ஒருமுறை எடுங்கள். பனி உலர்ந்த பிறகு, காலை எட்டு மணி வாக்கில் எடுப்பது நல்லது. உச்சிவெயிலில் தாள் பளபளத்துப் பச்சையே வெளுப்பாகத் தெரியும். மாலை மஞ்சள் வெயிலில் பச்சைத்தாள்கூடப் பழுத்த மாதிரி விழும். கட்டத்துக்குள் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுத்தால், பிறகு பார்க்கும்போது அந்தக் காகிதம் வெள்ளையாக இருக்கிறதா என்று வைத்து நிறத்தை நம்பலாமா என முடிவுசெய்யலாம். போனில் ஃபில்டர், அழகூட்டும் வசதி எதுவும் ஆனில் இருக்கக் கூடாது. வேறு ஒருவருக்குக் காட்ட வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் கழுத்துப் பகுதி மங்கிப்போய்விடும்.

முதல் போட்டோ மேலிருந்து நேராகக் கீழே, கட்டம் முழுவதும் தெரியும்படி. இரண்டாவது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனைக் காயின் மட்டத்துக்கு இறக்கி, பாரின் நீளவாக்கில். மூன்றாவது, ஒரு கழுத்தின் கிட்டப்போட்டோ. இதில் இரண்டாவதைத்தான் பலர் எடுப்பதில்லை, முடிவைச் சொல்வதோ அதுதான்.

படி 3: சாய்வை எண்ணுதல்

மேலிருந்து எடுத்த போட்டோவில் படுத்த குத்துகளை எண்ணுங்கள். பிறகு பக்கவாட்டுப் போட்டோவில் ஒவ்வொன்றும் எங்கே மடங்கியிருக்கிறது என்று பாருங்கள். காய்க்கு மேல் இரண்டு விரற்கடைக்குள் மடங்கியிருந்தால் அது முற்றிய சாய்வு. கழுத்து நிமிர்ந்தே இருந்து, தாளின் நடுப்பாகம் ஒடிந்தோ வளைந்தோ கிடந்தால் அது காற்றோ மழையோ செய்த வேலை. அதை எண்ணாதீர்கள்.

சின்ன வெங்காயத்தில் இன்னொரு சிக்கல். ஒரு குத்தில் நாலைந்து காய் இருக்கும், ஒவ்வொரு காய்க்கும் தனிக்கழுத்து. எல்லாம் ஒரே நாளில் சாயாது. பாதிக்கு மேல் கழுத்துகள் சாய்ந்திருந்தால்தான் அந்தக் குத்தைச் சாய்ந்ததாக வையுங்கள்.

படி 4: கழுத்தை நசுக்கிப் பார்த்தல்

கழுத்து இளகியதைப் போட்டோ காட்டாது, விரல்தான் சொல்லும். சாய்ந்த குத்தில் ஒரு கழுத்தை, காய்க்கு மேல் ஒரு விரற்கடை விட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து நசுக்குங்கள். முற்றாத கழுத்து உருண்டையாக எதிர்த்து நிற்கும், உள்ளே ஒரு குச்சி இருப்பதுபோல் தட்டுப்படும், விட்டதும் பழைய வடிவுக்கு வந்துவிடும். முற்றிய கழுத்து நாடா மாதிரி தட்டையாகி, இரண்டு பக்கத் தோலும் ஒன்றோடொன்று ஒட்டும். விட்ட பிறகும் தட்டையாகவே கிடக்கும். அப்படித் தட்டையாகக் கிடக்கும்போது மூன்றாவது போட்டோவை எடுங்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு கழுத்தை பிளேடால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். நடுவில் வெளிர்பச்சையாக ஒரு இளந்தாள் மேலே ஏறிக்கொண்டிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஐந்து கழுத்தாவது நசுக்கிப் பாருங்கள். ஐந்தில் நான்கு தட்டையாக வேண்டும்.

படி 5: தாள் காய்ந்தது முற்றியதாலா, நோயாலா?

முற்றும்போது வெளித்தாள்கள் நுனியிலிருந்து வைக்கோல் நிறமாகக் கீழே இறங்கி வரும். வயல் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். நோயில் அந்தச் சீர் இருக்காது. ஊதாப்புள்ளி நோயில் தாளின் நடுவே ஊதா நடுவோடு நீள்வட்டப் புண் தெரியும். புண்ணுக்கு மேல் காய்ந்து ஒடிந்து தொங்க, கீழே பச்சை அப்படியே இருக்கும். இலைப்பேன் இருந்தால் மஞ்சளுக்கு முன்பே வெள்ளிக்கோடுகள் விழுந்து தாள் வெளிறிவிடும். அடித்தாள் அழுகல் திட்டுத்திட்டாக வரும். அந்தத் திட்டில் ஒரு செடியை லேசாக இழுத்தாலே கையோடு வரும், வேர்ப்பகுதி பழுப்பாகி வெண்பூஞ்சை படர்ந்திருக்கும். இப்படிப்பட்ட குத்துகளில் தாள் காய்ந்திருந்தாலும் கழுத்து நசுங்காது. நிறமும் கழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் கழுத்தை நம்புங்கள்.

ஒரு கட்டத்தின் கணக்கு

ஜனவரி 25 அன்று படுகையில் ஊன்றிய வயல் என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தில் 38 குத்து. மார்ச் 24, அதாவது 58-ஆம் நாள், கழுத்தில் சாய்ந்தவை 5. இது 13 சதவீதம். பத்தைத் தாண்டியதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். களிமண் கலந்த வயலாக இருந்தால் ஈரம் இறங்க நாளாகும் என்பதால், சாய்வு தெரியத் தொடங்கும் முன்பே, 55-ஆம் நாள் வாக்கில் நிறுத்துவது நல்லது.

26-ஆம் தேதி இரவு காற்றோடு கோடைமழை. மறுநாள் காலை மேலிருந்து எடுத்த போட்டோவில் 21 குத்து படுத்துக் கிடக்கிறது. 55 சதவீதம்! பாதி சாய்ந்தாயிற்று, ஆள் விட்டுப் பிடுங்கிவிடலாம் என்று தோன்றும். பக்கவாட்டுப் போட்டோவைப் பார்த்தால் அதில் 12 குத்து நடுத்தாளில்தான் வளைந்திருக்கிறது, கழுத்தில் மடங்கியவை 9 மட்டுமே. உண்மைக் கணக்கு 24 சதவீதம். அன்றே பிடுங்கியிருந்தால் முக்கால்வாசிக் காய்க்குக் கழுத்து தடித்துத் திறந்தே இருந்திருக்கும். சேமித்து வைக்கப் பட்டறை போட்ட சில நாளில் அந்தக் கழுத்து வழியாகத்தான் அழுகல் இறங்கும், மேலிருந்து முளையும் கிளம்பும்.

மார்ச் 30-இல் 14 குத்து, 37 சதவீதம். ஏப்ரல் 2-இல் 23 குத்து, 61 சதவீதம், தாளில் பாதி காய்ந்திருக்கிறது. உடனே சந்தைக்குப் போகிற சரக்கு என்றால் இன்று பிடுங்கலாம். பட்டறையில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொரு மூன்று நாள். ஏப்ரல் 5, 70-ஆம் நாள்: 30 குத்து, 79 சதவீதம். தாளில் முக்கால் பங்கு வைக்கோல் நிறம், அடியில் மட்டும் கொஞ்சம் பச்சை. நசுக்கிய ஐந்து கழுத்தும் தட்டை. பிடுங்க வேண்டிய நாள் இது. ஐந்து கட்டத்தில் மூன்று இந்த நிலைக்கு வந்தால் போதும், தலைமாட்டுக் கட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்தப் பகுதியை மட்டும் விட்டுவைத்து இரண்டு நாள் கழித்துப் பிடுங்குங்கள்.

தாள் முழுவதும் சருகாகும்வரை விடுவதும் தப்புதான். பிடுங்கும்போது தாள் கையோடு அறுந்துவந்து காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், மண்வெட்டியால் கிளற வேண்டிவரும், காயில் வெட்டு விழும். வெளித்தோலும் வெடித்து உதிரும். இடையில் ஒரு மழை பெய்தால் காய் மறுபடி வேர் விடத் தொடங்கும். ஆகவே வானம் கறுத்து, மழை நிச்சயம் என்று தெரிந்தால் 60 சதவீதத்திலேயே பிடுங்கிவிடுங்கள், அந்தச் சரக்கைப் பட்டறைக்கு வைக்காமல் விற்றுவிடுங்கள்.

75 நாளாகியும் சாயவில்லை என்றால்

பெரும்பாலும் யூரியாவைப் பிந்திப் போட்டதாலோ, தண்ணீரை நிறுத்தாமல் விட்டதாலோதான் இப்படி ஆகும். தாள் கரும்பச்சையாக, கழுத்து விரல் பருமனுக்குத் தடித்து நிற்கும். மிதித்தோ, உருளை உருட்டியோ தாளைச் சாய்க்க வேண்டாம். மடங்கிய இடத்தில் காயம்தான் ஆகுமே தவிர, உள்ளே இளந்தாள் வளர்வது நிற்காது. தண்ணீரை முழுவதுமாக நிறுத்தி, மூன்று நாளைக்கு ஒருமுறை நசுக்கிப் பாருங்கள். பிடுங்கிய பிறகு தடித்த கழுத்துக் காயைத் தனியே பொறுக்கி முதலில் விற்றுவிடுங்கள்.

பிடுங்கிய பின் ஒரு போட்டோ

காயை வரிசையாகப் பரப்பும்போது, ஒரு வரிசையின் தாள் முந்தைய வரிசையின் காயை மூடும்படி போடுங்கள். பங்குனி, சித்திரை வெயில் நேரே பட்டால் காய் வெந்து வெளுத்துவிடும். மூன்று நாள் கழித்து நிழலுக்கு மாற்றி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை உலரவிட்டு, கழுத்தை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். வழுவழுப்பு இல்லாமல் காகிதம்போலச் சரசரத்தால் பட்டறை போடலாம். தாளை அறுப்பதாக இருந்தால் காய்க்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் விட்டே அறுங்கள். அந்தக் கழுத்தின் கிட்டப்போட்டோவை, பிடுங்கிய அன்று எடுத்த போட்டோவுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையைப் பிரிக்கும்போது எந்தக் கட்டத்துக் காய் அழுகியது என்று அதை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.