மதிப்பீட்டுக் குழுவுக்குத் தேதி குறிக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆராய்ச்சி நிதி கேட்டு வந்த முன்மொழிவுகளை மதிப்பிடக் குழு கூட்டும் பொறுப்பு கைக்கு வந்ததும், பெரும்பாலோர் முதலில் செய்வது கூட்டத்துக்குத் தேதி தேடுவதுதான். குழுவினர் எல்லோருக்கும் ஒத்துவரும் நாள் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த நிம்மதி வந்துவிடுகிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். தேதி அசையாமல் நின்றுவிட்டால், அதற்கு முன்னால் நடக்க வேண்டிய எந்த வேலை தாமதமானாலும் அந்த நாட்கள் வாசிப்பு நேரத்திலிருந்துதான் கழியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பல்கலைக்கழகம் ஒன்றின் தொடக்கநிலை ஆய்வு நிதிக்கு 36 முன்மொழிவுகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மதிப்பீட்டாளர்கள் 9 பேர். ஒவ்வொன்றையும் 3 பேர் படிக்க வேண்டும் என்றால் மொத்தம் 108 வாசிப்பு, ஆளுக்கு 12. பதினைந்து பக்க முன்மொழிவை ஒழுங்காகப் படிக்க இரண்டு மணி நேரம், குறிப்பு எழுத முக்கால் மணி நேரம் என்று வைத்தால் ஒருவருக்கு 33 மணி நேரம் வேண்டும். வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் பேராசிரியர் வாரத்துக்கு ஏழு மணி நேரம் ஒதுக்குவதே பெரிய விஷயம். ஆக, ஐந்து வாரம்.

விண்ணப்பங்கள் ஜூலை 31-ல் முடிகின்றன என்றால், தகுதிச் சரிபார்ப்புக்கு ஒரு வாரம். ஆகஸ்ட் 7-ல் பட்டியல் எல்லோருக்கும் போகிறது, விண்ணப்பதாரரோடு தனக்குள்ள உறவோ ஆதாயமோ தீர்ப்பைச் சாய்க்கக்கூடும் என்று மதிப்பீட்டாளர்கள் தெரிவிக்கும் நல முரண் அறிவிப்புகள் 12-க்குள் வருகின்றன, 14-ல் யாருக்கு எது என்ற ஒதுக்கீடு முடிகிறது. ஐந்து வார வாசிப்புக்குப் பின் செப்டம்பர் 18-ல் மதிப்பெண், 25-ல் கூட்டம். இந்த வரிசையைப் போட்டு முடித்த பிறகுதான் 24, 25, 26-ல் எது வசதி என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது. கூட்ட நாளுக்கு மட்டும் சம்மதம் வாங்குகிறார்கள். “செப்டம்பர் 25 வர முடியுமா?” என்றால் பலரும் சரி என்று சொல்லிவிடுவார்கள், அன்றைக்கு அவர்கள் நாட்குறிப்பு காலியாக இருக்கும். “ஆகஸ்ட் 14 முதல் செப்டம்பர் 18 வரை 33 மணி நேரம் ஒதுக்க முடியுமா?” என்று கேட்டால்தான் விடைத்தாள் திருத்தும் முகாம், துறை ஆய்வுக்குழு வருகை, மகள் திருமணம் எல்லாம் வெளியே வரும். முடியாது என்பவர் இப்போதே சொல்வது நல்லது, மாற்று ஆள் தேட நேரம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் இணையவழி வருகிறார் என்றால் அவருடைய கடிகாரத்தையும் பாருங்கள். சென்னையில் காலை 10 மணி என்பது செப்டம்பரில் நியூயார்க்கில் நள்ளிரவு 12.30. மாலை 6.30-க்கு வைத்தால் அங்கே காலை 9. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், அதற்குப் பிறகு அதே 6.30 அவருக்குக் காலை 8.

அடுத்தது நல முரண். இதைத்தான் அதிகம் பேர் அலட்சியமாகச் செய்கிறார்கள். வழக்கமான படிவத்தில் “எனக்கு நல முரண் எதுவும் இல்லை” என்று ஒரே வரி இருக்கும், அதன் கீழே கையெழுத்து. எந்த முன்மொழிவைப் பற்றி என்று தெரியாமல் போடப்படும் அந்தக் கையெழுத்தால் ஒரு பயனும் இல்லை. 36 தலைப்புகளையும் வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே “இல்லை”, “உண்டு”, “கேட்க வேண்டும்” என்று மூன்று கட்டம் வையுங்கள். மூன்றாவது கட்டம் இருந்தால்தான் சந்தேகம் உள்ளவர் மௌனமாக “இல்லை”யைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பார்.

பட்டியலில் முதன்மை ஆய்வாளர் பெயர் மட்டும் போதாது. இணை ஆய்வாளர்கள், ஆலோசகர்கள், கூட்டு நிறுவனங்கள் எல்லாம் வேண்டும், ஏனென்றால் முரண் பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் பெயரில்தான் ஒளிந்திருக்கும். நம் ஊரில் இன்னொரு சிரமமும் உண்டு. “எஸ். குமார்” என்று மட்டும் போட்டால் அது யார் என்று எவருக்கும் தெரியாது. முழுப்பெயர், துறை, நிறுவனம் மூன்றும் இருந்தால்தான் தன்னோடு கட்டுரை எழுதியவர் இவர்தான் என்று மதிப்பீட்டாளருக்குப் பிடிபடும்.

எது முரண் என்பதையும் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, கடந்த 48 மாதங்களில் சேர்ந்து கட்டுரை எழுதியவர்களை முரணாகக் கொள்கிறது. முனைவர் பட்ட நெறியாளர், மாணவர் உறவுக்கு அங்கே கால வரம்பே கிடையாது. அந்நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டு ஆய்வுக்கு 3 ஆண்டு என்று வைத்திருக்கின்றன. உங்கள் நிதிக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம், ஆனால் ஆளுக்கொரு அளவுகோல் இருக்கக் கூடாது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தால் அது முரணா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதே சுற்றில் தானே விண்ணப்பித்திருப்பவரைப் படிவம் வரை கொண்டுபோகத் தேவையில்லை. அவர் குழுவில் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாற்று மதிப்பீட்டாளர்கள் இருவர் இருந்தால், அவர்களிடமும் ஆகஸ்ட் 12-க்குள்ளேயே இந்தப் படிவத்தை வாங்கிவிடுங்கள். மூன்றாவது வாரத்தில் ஒருவர் உடல்நலம் காரணமாக விலகினால் அவருடைய 12 முன்மொழிவுகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். மற்ற எட்டுப் பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ கூடும், அதாவது இரண்டே முக்கால் முதல் ஐந்தரை மணி நேரம். அந்த நேரத்தில் முரண் பட்டியல் கையில் தயாராக இல்லையென்றால் அதை வாங்கவே நான்கு நாள் ஓடிவிடும்.

எல்லாம் சரியாக நடந்தும் படிக்கும்போது புதிய முரண் தெரிய வரலாம். இணைப்பில் உள்ள ஆதரவுக் கடிதத்தை எழுதியவர் மதிப்பீட்டாளரின் மனைவியாக இருப்பார். மதிப்பீட்டாளர் அங்கேயே நிறுத்திவிட்டு ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். எழுதிய அரைகுறைக் குறிப்பை வேறொருவருக்கு அனுப்பக் கூடாது. மதிப்பெண்களை எல்லோரும் பார்க்கும் ஒரே அட்டவணையில் போட வைப்பதும் இங்கே தவறாகிவிடும். முரண் உள்ளவர் அந்த முன்மொழிவின் மதிப்பெண்ணை அங்கே பார்த்துவிடுவார்.

வாசிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பதைக் கூட்டத்துக்கு முன்பே கண்டுபிடிக்கலாம். இரண்டாம் வார முடிவில் முதல் நான்கு மதிப்பீடுகளை மட்டும் பதிவேற்றச் சொல்லுங்கள். ஒன்றுகூட வரவில்லை என்றால் அன்றே தொலைபேசியில் பேசிவிடலாம். கடைசி இரவில் பன்னிரண்டும் சேர்ந்து வந்தால், குறிப்புகள் இரண்டே வரியில் நின்றால், மதிப்பெண்கள் எல்லாம் நடுவிலேயே குவிந்தால், அவை அவசரமாகப் படிக்கப்பட்டவை என்று சந்தேகிக்கலாம். எல்லோரும் எண் வரிசைப்படி படிப்பதால் 30-க்கு மேற்பட்ட எண்கள் எப்போதும் களைத்த கண்களிடம் மாட்டுகின்றன. ஒவ்வொருவருக்கும் வரிசையை மாற்றிக் கொடுப்பது சின்ன வேலை, விண்ணப்பதாரருக்கு அது பெரிய நியாயம்.

செப்டம்பர் 18-க்கும் 25-க்கும் நடுவே உள்ள ஒரு வாரத்தை வீண் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். 36 முன்மொழிவுகளையும் தலா 15 நிமிடம் பேசினாலே ஒன்பது மணி நேரம், உணவு இடைவேளை தனி. முதற்கட்ட மதிப்பெண்ணில் மேல்பாதியான 18-ஐ மட்டும் தலா 20 நிமிடம் பேசினால் ஆறு மணி நேரத்தில் முடியும். கீழ்ப்பாதியில் உள்ளதையும் பேச வேண்டும் என்று முரண் இல்லாத எந்த உறுப்பினரும் கேட்கலாம் என்ற விதியை வையுங்கள். அதற்குப் பட்டியல் நான்கைந்து நாள் முன்பே அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

அந்த வாரத்திலேயே கூட்டத்தின் நிரலையும் முரண் பட்டியலைப் பார்த்து அடுக்குங்கள். ஒருவருக்கு மூன்று முன்மொழிவுகளில் முரண் இருந்தால் அவற்றை அடுத்தடுத்து வைத்தால் அவர் ஒருமுறை வெளியே போய் ஒருமுறை திரும்பினால் போதும். தலைவருக்கே முரண் உள்ளவற்றை உணவு இடைவேளையை ஒட்டி வைத்து, அந்த நேரத்துக்கு மாற்றுத் தலைவரின் பெயரை நிரலிலேயே எழுதிவிடலாம். இணையவழிக் கூட்டம் என்றால் ஒலியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது வெளியேறியதாகாது. அவரைக் காத்திருப்பு அறைக்கு மாற்றி, போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறிப்பேட்டில் எழுத ஒருவரை நியமியுங்கள்.