முறுக்கு வியாபாரமும் லாப அட்டவணையும்: எங்கே தவறுகிறோம்?

சித்தி வீட்டுச் சமையலறையில் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மேல் வரிசையில் கால் கிலோ முறுக்குப் பாக்கெட்டின் விலை, இடது ஓரத்தில் மாதம் விற்கும் எண்ணிக்கை, நடுக் கட்டங்களில் லாபம். உணர்திறன் அட்டவணை என்று சொல்வது இதைத்தான். அவர் முதலில் போட்ட தாளில் 90 ரூபாய் விலையில் 200 பாக்கெட் விற்றாலும் 1,200 ரூபாய் லாபம் என்று இருந்தது. உண்மையில் அப்படி 200 மட்டும் விற்ற மாதத்தில் 800 ரூபாய் கைநஷ்டம்.

அவருடைய கணக்கு இது: மாவு, எண்ணெய், கேஸ், கவர் எல்லாம் சேர்த்துப் பாக்கெட்டுக்கு 46 ரூபாய். கடைக்காரர் கமிஷன் விலையில் 20 சதவீதம். உதவிக்கு வரும் அக்காவின் சம்பளமும் பெட்ரோலும் மாதம் 6,000 ரூபாய். அப்போது மாதம் 300 பாக்கெட் விற்றதால், 6,000 ரூபாயை 300ஆல் வகுத்துப் பாக்கெட்டுக்கு 20 ரூபாய் என்று அடக்கவிலையில் சேர்த்துவிட்டார். அதே 20 ரூபாயை எல்லாக் கட்டங்களுக்கும் வைத்தார். மிக அதிகம் பேர் செய்யும் தவறு இது. 200 பாக்கெட் விற்றாலும் அந்த அக்காவுக்குச் சம்பளம் குறைவதில்லை. 400 விற்றாலும் பெரும்பாலும் கூடுவதில்லை. மாதச் செலவைப் பாக்கெட்டில் கரைக்காமல், கடைசியில் மொத்தமாகக் கழிக்க வேண்டும்.

எக்செல் தாளில் 46 ரூபாய் அடக்கவிலை B1, 20% கமிஷன் B2, 6,000 ரூபாய் மாதச் செலவு B3 என்றும், விலைகள் 5ஆம் வரிசையில் B முதல், எண்ணிக்கை A6 முதல் என்றும் வைத்துக்கொண்டால் B6 கட்டத்தில் எழுத வேண்டியது:

```
=$A6*(B$5*(1-$B$2)-$B$1)-$B$3
```

டாலர் குறி ஒன்று விட்டுப்போனாலும், இழுத்து நிரப்பும்போது சூத்திரம் வேறு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். சரியாக வந்தால் இப்படி இருக்கும்:

| பாக்கெட் | ₹80 | ₹90 | ₹100 |
|---|---|---|---|
| 200 | −2,400 | −800 | 800 |
| 300 | −600 | 1,800 | 4,200 |
| 400 | 1,200 | 4,400 | 7,600 |

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. எண்ணிக்கையில் 0 என்று ஒரு வரிசை சேர்த்துப் பாருங்கள். எல்லா விலைக்கும் −6,000 வர வேண்டும். 0 வந்தால் மாதச் செலவு பாக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து விலைகளையும் ஒப்பிடுங்கள். விலை 10 ரூபாய் ஏறினால் கைக்கு வருவது 8 ரூபாய்தான், மீதி 2 ரூபாய் கமிஷனில் போகும். ஆகவே 300 பாக்கெட் வரிசையில் வித்தியாசம் 2,400 இருக்க வேண்டும். 3,000 இருந்தால் 90 ரூபாய்க்கு வரும் 18 ரூபாய் கமிஷனையே எல்லா விலைக்கும் நிலையாகப் போட்டுவிட்டீர்கள்.

கணக்கு சரியானாலும் படிப்பதில் தவறலாம். வலது கீழ் மூலையில் உள்ள 7,600 கண்ணை இழுக்கும். ஆனால் 100 ரூபாய்க்கு ஏற்றிவிட்டு 400 பாக்கெட்டும் விற்க முடியுமா? விலை ஏறினால் விற்பனை குறையும் என்பதை அட்டவணை அறியாது. அதை நாம்தான் கேட்க வேண்டும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: 90 ரூபாய்க்கு 300 விற்றுக் கிடைக்கும் அதே 1,800 ரூபாய்க்கு, 100 ரூபாய் விலையில் எத்தனை விற்க வேண்டும்? 230 போதும். எழுபது பாக்கெட் வரை இழந்தாலும் நஷ்டமில்லை. மாறாக 80 ரூபாய்க்குக் குறைத்தால் 434 விற்க வேண்டும். தள்ளுபடி கொடுத்தால் கூட்டம் வரும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

434 பாக்கெட்டைச் சுட்டெடுக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. சித்தியின் ஒரே அடுப்பிலும் ஒரே ஆளிலும் மாதம் 350 பாக்கெட்தான் எட்டும். அதற்கு மேல் இன்னொரு ஆள் வேண்டும், 3,000 ரூபாய். அப்போது 90 ரூபாய் விலையில் 400 பாக்கெட்டின் லாபம் 4,400 அல்ல, 1,400. இது 300 விற்றபோது கிடைத்ததைவிடவும் குறைவு. அட்டவணையில் 350க்குக் கீழ் ஒரு கோடு போட்டு, அதற்கடுத்த வரிசைகளில் மாதச் செலவை 9,000 என்று மாற்றிவிடுவது நல்லது.

கடைசியாக, திரும்பி வரும் பாக்கெட்டுகள். மழைக்காலத்தில் கடையில் கிடந்து நமுத்துப்போன முறுக்கைக் கடைக்காரர் திருப்பித் தந்துவிடுவார். 300 சுட்டு 15 திரும்பினால் விற்றது 285, ஆனால் மாவும் எண்ணெயும் செலவானது 300 பாக்கெட்டுக்கும். 90 ரூபாய் விலையில் கமிஷன் போக 72 ரூபாய் வீதம் வரவு 20,520, அடக்கம் 13,800, மாதச் செலவு 6,000. மீதி 720 ரூபாய். இடது ஓரத்தில் சித்தி இப்போது எழுதுவது சுட்ட எண்ணிக்கை அல்ல, விற்றுக் காசான எண்ணிக்கை. திரும்பியவற்றின் அடக்கத்தைத் தனியாகக் கழிக்கிறார்.