கர்ப்பப்பையில் சீழ், ரத்தத்தில் லாக்டேட்: முதல் ஒரு மணி நேரத்தில் நடக்கும் தவறுகள்

வேலூரில் மே மாதம் ஒரு நாய் சோர்ந்து படுத்தால் காரணம் தேட யாரும் மெனக்கெடுவதில்லை. "வெயில் தாங்கல டாக்டர், ஒரு குளுக்கோஸ் போட்டு விடுங்க." அக்னி நட்சத்திரத்தில் அது பல சமயம் சரியாகவும் இருக்கும். ஆனால் கருத்தடை செய்யாத பெட்டை நாயாக இருந்தால், கடைசியாக எப்போது ஹீட்டுக்கு வந்தது என்று முதலில் கேளுங்கள். ஒன்றிரண்டு மாதத்துக்குள் என்று பதில் வந்தால், கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்காமல் அனுப்பக் கூடாது. பயோமெட்ரா என்கிற இந்த நோய்தான் நாய்களில் செப்சிஸை உண்டாக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. கர்ப்பப்பையின் வாய் மூடிய வகையில் சீழ் வெளியே வராது என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் எழாது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து இப்படி ஒரு நாய் வருவதாக வைத்துக்கொள்வோம். ஏழு வயது, 20 கிலோ, ஹீட் முடிந்து ஐந்து வாரம். ஒரு வாரமாக நிறையத் தண்ணீர் குடிக்கிறது, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தி. காய்ச்சல் 103.6 டிகிரி, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 168. ஈறு நல்ல சிவப்பு. அழுத்தி விட்டால் ஒரு நொடிக்குள் நிறம் திரும்புகிறது. டாப்ளரில் ரத்த அழுத்தம் 104. ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ்.

முதல் தவறு இங்கேயே நடக்கும். ஈறு சிவப்பு, பிரஷர் நார்மல், அதனால் பயமில்லை என்று நினைப்பது. செப்சிஸின் தொடக்கத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்துவிடும். ஈறு சிவப்பதும் நிறம் சட்டென்று திரும்புவதும் அதனால்தான். இதயம் இரண்டு மடங்கு உழைத்து அந்த 104-ஐப் பிடித்து வைத்திருக்கிறது. பிரஷர் விழும்வரை காத்திருந்தால், பாதி நேரம் போன பிறகுதான் நாம் தொடங்குகிறோம் என்று பொருள்.

அந்த 104-ஐயே நம்பலாமா என்பது வேறு கேள்வி. கஃப்பின் அகலம் காலின் சுற்றளவில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும். 12 செ.மீ. சுற்றளவுள்ள காலுக்கு 5 செ.மீ. கஃப் போதும். சின்ன கஃப் கட்டினால் அழுத்தம் கூடுதலாகவும், பெரியது கட்டினால் குறைவாகவும் காட்டும். கஃப் இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். முதல் அளவீட்டை விட்டுவிட்டு அடுத்த ஐந்தின் சராசரியை எடுங்கள்.

லாக்டேட்டுக்கு வருவோம். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் லாக்டேட் ஏறும். நாய்க்கு லிட்டருக்கு 2.5 மில்லிமோல்வரை சாதாரணம், 4-க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். நம் நாய்க்கு 5.6. ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள். வாய்க்கட்டு போட நான்கு பேர் பத்து நிமிடம் மல்லுக்கட்டியிருந்தால் அதனாலேயே ஏறியிருக்கும். டூர்னிக்கேவை நெடுநேரம் இறுக்கிக் கட்டினாலும் ஏறும். எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், குழாய்க்குள்ளேயே சிவப்பணுக்கள் லாக்டேட்டைச் செய்துகொண்டே இருக்கும். கையடக்க மீட்டர் இருந்தால் உடனே பாருங்கள். லேபுக்கு அனுப்புவதென்றால் சர்க்கரை பார்க்கும் சாம்பல் மூடிக் குழாயில், ஐஸில் அனுப்புங்கள். இன்னொன்று, லாக்டேட் நார்மல் என்பதால் செப்சிஸ் இல்லை என்றாகிவிடாது.

லாக்டேட் அதிகமாக இருக்கும்போது ரிங்கர் லாக்டேட் ஏற்றலாமா என்று பலர் தயங்குகிறார்கள். ஏற்றலாம். அதிலுள்ள லாக்டேட்டைக் கல்லீரல் எரித்துவிடும். ஆனால் ரிங்கர் ஓடும் அதே ஊசியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தால் எண் பொய்யாக ஏறும், அதைத் தவிருங்கள். உண்மையில் பயனற்றது, உரிமையாளர் கேட்ட அந்தக் குளுக்கோஸ்தான். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சர்க்கரையை உடல் எடுத்துக்கொண்டதும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது செல்களுக்குள் போய்விடும், ரத்தக் குழாயில் தங்குவது மிகக் கொஞ்சம். ரத்தச் சர்க்கரை 60-க்குக் கீழே இருந்தால் மட்டும் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸைக் கிலோவுக்கு 1 மில்லி, அதே அளவு சலைனில் கலந்து மெதுவாகக் கொடுங்கள். செப்சிஸில் சர்க்கரை விழுவது சகஜம், பார்க்க மறக்க வேண்டாம்.

அடுத்து வேகம். ஒரு பாட்டிலை மாட்டி நான்கு மணி நேரம் சொட்டவிடுவதை டிரிப்ஸ் போட்டாச்சு என்கிறோம். அதிர்ச்சி நிலையில் அது போதாது. தோலுக்கடியில் ஏற்றுவது அதைவிட வீண், தோலுக்கே ரத்தம் போகாத நேரம் அது. கிலோவுக்கு 15 மில்லி வீதம் 300 மில்லியை 15 நிமிடத்தில் கொடுக்க வேண்டும். த்ரீ-வே போட்டு 50 மில்லி சிரிஞ்சால் ஆறு முறை தள்ளினால் முடிந்தது, பம்ப் எதுவும் வேண்டாம். அப்புறம் நின்று பாருங்கள். நம் நாய்க்குத் துடிப்பு 168-லிருந்து 146 ஆகிறது. இன்னொரு 300. இப்போது 124, பிரஷர் 112. இதோடு நிறுத்திப் பராமரிப்பு வேகத்துக்கு வரலாம். மூச்சு வேகமெடுத்தாலோ, மூக்கில் நீர் வடிந்தாலோ திரவம் மிஞ்சிவிட்டது என்று பொருள். மூன்று முறை கொடுத்தும் பிரஷர் 90-க்குக் கீழேயே இருந்தால் மேலும் மேலும் திரவம் ஏற்றுவதில் பலனில்லை, நார்அட்ரினலின் தொடங்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் இதற்கெல்லாம் பிறகு என்று வைக்காதீர்கள். முதல் 300 ஓடும்போதே நரம்பு வழியாகப் போக வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், கல்ச்சர் வரட்டும் என்று காத்திருக்க இது நேரமில்லை. பயோமெட்ராவில் கல்ச்சருக்கான சீழை அறுவையின்போது எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ஈ.கோலை கிருமிதான் இருக்கும். ஆம்பிசிலின்-சல்பாக்டம் கிலோவுக்கு 30 மில்லிகிராம், நம் நாய்க்கு 600. கூடவே என்ரோஃப்ளாக்சசின் கிலோவுக்கு 10, அதாவது 200 மில்லிகிராம், சலைனில் கலந்து அரை மணி நேரத்தில். பூனைக்கு இது நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5-ஐத் தாண்டக் கூடாது, கண் பார்வை போய்விடும்.

எல்லோரிடமும் இருக்கும் செஃப்ட்ரியாக்சோனைப் போடுகிறீர்களா? சரி, ஆனால் ரிங்கர் ஓடும் குழாயிலேயே போடாதீர்கள். ரிங்கரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிவிடும். நீர்ச்சத்து வற்றிய நாய்க்கு ஜென்டாமைசின், அமிகாசின் வேண்டாம், சிறுநீரகம் தாங்காது. காய்ச்சலுக்கு மெலாக்சிகாமும் இதே காரணத்தால் வேண்டாம். எதற்கும் இருக்கட்டும் என்று போடும் அந்த டெக்ஸாவை, தயவுசெய்து, பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து லாக்டேட் 3.2. முதல் எண்ணைவிட இந்த இறக்கம்தான் முக்கியம். ஆறு மணி நேரத்தில் பாதியாவது குறைய வேண்டும். அசையாமல் நின்றாலோ ஏறினாலோ, கர்ப்பப்பை கிழிந்து சீழ் வயிற்றுக்குள் போயிருக்கிறதா என்று மீண்டும் ஸ்கேன் பாருங்கள். இறங்கினால் அன்றே அறுவை. நாய் தேறிவிட்டதென்று ஐந்து நாள் ஊசி போட்டுத் தள்ளிப்போட்டால், சீழ் உள்ளேயே இருப்பதால் எல்லாம் திரும்ப வரும்.

அறுவை வசதியில்லாமல் சென்னைக்கு அனுப்புவதாக இருந்தாலும் மேலே சொன்னதெல்லாம் இங்கேயே நடந்திருக்க வேண்டும். வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் வழியாக வேப்பேரி போய்ச் சேர நெரிசலில்லாத நாளிலேயே மூன்று மணி நேரம் பிடிக்கும். வண்டியில் பாட்டிலைப் பிடிக்க ஒருவர் பின்னால் உட்காரட்டும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு திரவம், இரண்டு லாக்டேட் எண்களும் எடுத்த நேரமும், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். வெறும் "பயோமெட்ரா, ரெஃபர்ட்" என்று எழுதி அனுப்பினால் அங்கே இருப்பவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.