டிஸ்கோ பேஸ்லைன்: ஆக்டேவ் தாவலும் நான்கு கிக்கும்

டிஸ்கோவின் அடித்தளம் இரண்டே விஷயங்கள். ஒவ்வொரு பீட்டிலும் ஒரு கிக் விழும். அதன்மேல் பேஸ் ஒரு கீழ் நோட்டுக்கும் அதன் மேல் ஆக்டேவுக்கும் மாறி மாறித் தாவும். பியானோ ரோலில் நோட்டு வரையத் தெரிந்தவருக்கு இது பத்து நிமிட வேலை. ஆனால் வரைந்து முடித்துக் கேட்டால் பல சமயம் அது ஆடத் தூண்டாது; கனமாக, இழுத்தபடி கேட்கும். நோட்டுகள் எல்லாம் சரியாக இருந்தும் அப்படிக் கேட்பதற்குக் காரணம் அவற்றின் நீளம். இந்தப் பதிவில் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் டிரம்ஸ். வேகத்தை 120 பிபிஎம் என்று வையுங்கள். நான்கு பீட்டிலும் கிக், 2ஆம் 4ஆம் பீட்டில் ஸ்னேர். பிறகு இரண்டு பீட்டுகளுக்கு நடுவே விழும் ஒவ்வொரு அரைப் பீட்டிலும் ஓபன் ஹை-ஹேட். ஃபிலடெல்ஃபியாவின் டிரம்மர் எர்ல் யங், ஹெரால்டு மெல்வின் குழுவின் ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டில் 1973இல் வாசித்த தாளம் இந்த அமைப்புக்கு முன்னோடி. ஹை-ஹேட் இல்லாமல் பேஸை எழுத ஆரம்பிக்காதீர்கள். கீழ் நோட்டுக்குத் துணை கிக் என்றால், மேல் நோட்டுக்குத் துணை அந்த ஹை-ஹேட்தான்.

அடுத்து நோட்டுகள். நான்கு பார், பாருக்கு ஒரு கார்டு: ஏ மைனர், டி மைனர், ஜி, சி. ஒவ்வொரு பாரிலும் எட்டு நோட்டுகள். மிடி எண்ணில் தருகிறேன்:

```
1: 33 45 33 45 33 45 33 45
2: 38 50 38 50 38 50 38 50
3: 31 43 31 43 31 43 31 43
4: 36 48 36 48 36 48 35 32
```

ஆக்டேவ் என்பது எப்போதும் 12 எண் மேலே. நான்காம் பாரின் கடைசி இரண்டு நோட்டுகள் மட்டும் தாவாமல் கீழே இறங்குகின்றன. 32 என்பது முதல் பாரின் 33க்கு அரை ஸ்வரம் கீழே இருப்பதால், பாட்டு மறுபடி முதல் பாருக்குள் தானாகவே இழுத்துச் செல்லப்படும். ஒவ்வொரு பாரின் முடிவிலும் இப்படிச் செய்ய ஆசை வரும். வேண்டாம். நான்கு பாருக்கு ஒரு முறை போதும். அதற்கு மேல் போனால் தாவலின் சீரான ஓட்டம் கலைந்துவிடும்.

பேஸ் கிதார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. கீழ் நோட்டிலிருந்து இரண்டு கம்பி தள்ளி, இரண்டு ஃபிரெட் மேலே போனால் அதே நோட்டின் ஆக்டேவ். ஏ நோட்டை மிகத் தடித்த கம்பியின் 5ஆம் ஃபிரெட்டில் பிடித்தால், அதன் ஆக்டேவ் அந்தக் கம்பியிலிருந்து எண்ணினால் வரும் மூன்றாம் கம்பியின் 7ஆம் ஃபிரெட்டில். கை வடிவம் மாறாமல் நான்கு கார்டுக்கும் நகரலாம்.

இப்போது நீளத்துக்கு வருகிறேன். 120 வேகத்தில் ஓர் அரைப் பீட் 250 மில்லி விநாடி. மென்பொருள் இயல்பாக எல்லா நோட்டையும் அந்த முழு நீளத்துக்கு வரைந்துவிடும். அப்போது மேல் நோட்டு அடுத்த கிக் விழும் நொடி வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். கிக் விழும்போது முன்னால் ஒரு சிறு அமைதி இருந்தால்தான் அது அடியாகக் கேட்கும். எனவே மேல் நோட்டைப் பாதிக்கும் குறைவாக, சுமார் 110 மில்லி விநாடிக்குச் சுருக்குங்கள். கீழ் நோட்டை அவ்வளவு வெட்டக் கூடாது. வெட்டினால் பாட்டின் கனம் போய்விடும். அதற்கு 200 மில்லி விநாடி சரியாக இருக்கும். கீழே நீளம், மேலே குட்டை: துள்ளல் இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

நீளத்தைக் குறைத்தும் எந்த மாற்றமும் கேட்கவில்லையா? உங்கள் பேஸ் கருவியின் ரிலீஸ் அளவைப் பாருங்கள். நோட்டு முடிந்த பிறகும் ஒலி எவ்வளவு நேரம் தேய்ந்து மறைய வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அது 300 மில்லி விநாடி என்று இருந்தால், பியானோ ரோலில் நீங்கள் வெட்டியதெல்லாம் வீண். 40 அளவுக்குக் கொண்டு வாருங்கள். சரியாகிவிட்டதா என்று அறிய டிரம்ஸை மௌனமாக்கி பேஸை மட்டும் கேளுங்கள். மேல் நோட்டுக்குப் பின் ஒரு தெளிவான இடைவெளி காதில் விழ வேண்டும். மேல் நோட்டு ஸ்வரம் தெரியாத வெறும் தட்டலாகக் கேட்டால் அதிகம் வெட்டிவிட்டீர்கள்.

வெலாசிட்டியில் கீழ் நோட்டுக்கு 105, மேல் நோட்டுக்கு 88 என்று தொடங்குங்கள். ஒரே அளவில் விட்டால் மேல் நோட்டுதான் உரக்கக் கேட்கும்; தாழ்ந்த ஒலிகளைவிட உயர்ந்தவற்றை நம் காது எளிதாகப் பிடிக்கிறது.

அடுத்த சிக்கல், கிக்கும் கீழ் நோட்டும் ஒரே நேரத்தில் விழுவது. கிக்கின் அடி ஒலி பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். நம் ஏ நோட்டு 55 ஹெர்ட்ஸ், ஜி 49 ஹெர்ட்ஸ். ஆகவே முதல் பாரிலும் மூன்றாம் பாரிலும் மோதல் தெரியும். மற்ற இரண்டில் அவ்வளவாகத் தெரியாது. ஒரு கிக் பருமனாகவும் அடுத்த கிக் மெலிந்தும் கேட்டால் அது இந்த மோதலின் அடையாளம். சிந்தசைசர் பேஸ் என்றால், ஒவ்வொரு நோட்டிலும் அலை வேறு வேறு இடத்திலிருந்து தொடங்குவது ஒரு காரணமாக இருக்கலாம். ஆசிலேட்டரின் ரீட்ரிகர் வசதியை இயக்கிவிடுங்கள்.

பலரும் இதற்கு சைடுசெயின் கம்ப்ரஷனைப் பரிந்துரைப்பார்கள். எனக்கு இங்கே அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு கிக்குக்கும் பேஸ் பதுங்கி எழும் அந்த ஒலி பிற்கால ஹவுஸ் இசைக்கு உரியது. எழுபதுகளில் டிரம்முக்குள் தலையணையும் போர்வையும் திணித்துக் கிக்கை அடக்கிப் பதிவு செய்தார்கள். அதையே செய்யுங்கள்: கிக்கின் டிகேயை 130 மில்லி விநாடி அளவுக்குக் குறையுங்கள். கிக் சட்டென்று விலகிவிடும், கீழ் நோட்டின் எஞ்சிய பகுதி தெளிவாக வெளியே வரும். அதே காரணத்துக்காக, முதல் முயற்சியில் சிந்தசைசரைவிட விரலால் மீட்டிய பேஸ் கிதாரின் சாம்பிளையே பயன்படுத்தச் சொல்வேன். மென்பொருள் எதுவானாலும் சரி. நான் பயன்படுத்துவது ரீப்பர்.

பிற்சேர்க்கை: கருத்துகளில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன.

ஒன்று, “நீங்கள் சொன்ன ஏ1 நோட்டைப் போட்டேன், ஒரு ஆக்டேவ் தள்ளிக் கேட்கிறது.” இதனால்தான் மேலே எண்களாக மாற்றி எழுதிவிட்டேன். மிடி எண் 60ஐ ரீப்பர் சி4 என்று காட்டும், ஏபிள்டன் சி3 என்று காட்டும், எஃப்எல் ஸ்டூடியோ சி5 என்று காட்டும். ஆகவே 33 என்ற எண் முறையே ஏ1, ஏ0, ஏ2 என்று தெரியும். எண் 60 எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். சாம்பிள் கருவிகளில் மிகக் கீழே போனால் சத்தமே வராமலும் இருக்கலாம். அந்த விசைகளை வாசிப்பு முறையை மாற்றுவதற்காக ஒதுக்கியிருப்பார்கள்.

இரண்டாவது, கைபேசியில் கேட்டால் பேஸ் கிக்கோடு விழாமல் நடுவில் மட்டும் விழுவதாகத் தோன்றுகிறது என்பது. கைபேசியின் சிறிய ஸ்பீக்கர் 55 ஹெர்ட்ஸை ஒலிக்காது. மேல் நோட்டு மட்டும் தப்பிப் பிழைக்கிறது. ஒலியளவைக் கூட்டிப் பயனில்லை. பேஸ் டிராக்கில் கொஞ்சம் சாச்சுரேஷன் சேர்த்தால் கீழ் நோட்டுக்கு 110, 165 ஹெர்ட்ஸ் போன்ற மேல் அலைகள் வலுப்பெறும். 110ஐயும் சரியாக ஒலிக்காத ஸ்பீக்கர்கள் உண்டு என்பதால், 300 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் கொஞ்சம் கரகரப்பு கேட்கும் அளவுக்குச் சேர்த்துவிட்டு, கைபேசியிலேயே மறுபடி கேட்டுப் பாருங்கள்.